15எச் படிவத்தை நிரப்பும் முன்: எந்தக் கட்டத்துக்கு எந்தத் தாள் வேண்டும்?

ஏப்ரல், மே மாதங்களில் நிறைய வீடுகளுக்கு இந்த மெசேஜ் வரும். சொந்தக்காரர் ஒருவர் வங்கி அனுப்பிய 15எச் படிவத்தின் வாசகத்தை அப்படியே காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டி, கடைசியில் "இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுப்பா" என்று ஒரு வரி சேர்த்திருப்பார். பெயர் தெரியும், முகவரி தெரியும், போன் நம்பர் தெரியும், அதனால் நாமும் உடனே நிரப்ப ஆரம்பித்துவிடுவோம். பதினைந்தாவது கட்டத்துக்கு வரும்போதுதான் கை நிற்கும். "இந்த ஆண்டு வட்டி எவ்வளவு வரும் என்று மதிப்பிடுகிறீர்கள்?" என்று படிவம் கேட்கிறது. போன் போட்டுக் கேட்டால் "ஒரு எழுபதாயிரம் வரும்னு நினைக்கிறேன், நீயே ஏதாவது போட்டுக்கோ" என்று பதில் வரும். அந்த எழுபதாயிரத்தை எழுதக் கூடாது. ஏன் என்பதையும், எழுதுவதற்கு முன் எந்தெந்தக் கட்டத்துக்கு அவரிடமிருந்து எந்தத் தாள் வரவேண்டும் என்று எப்படிப் பிரிப்பது என்பதையும் இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: வங்கி, தபால் நிலையம் போன்றவை வட்டி கொடுக்கும்போது ஒரு வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். 2025-26 நிதியாண்டில் மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு 1,00,000 ரூபாய். "என் மொத்த வருமானத்துக்கு வரியே வராது, அதனால் பிடிக்காதீர்கள்" என்று 60 வயதானவர்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் 15எச். அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 15ஜி. நான் இங்கே 2025-26 நிதியாண்டுக்கான 15எச் படிவத்தை வைத்துக்கொள்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு வங்கி எந்தப் படிவத்தைத் தருகிறதோ அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்களின் எண் மாறினாலும் பிரிக்கும் முறை ஒன்றுதான்.

எடுத்துக்காட்டுக்கு 67 வயதுப் பெரியம்மா ஒருவரை வைத்துக்கொள்வோம். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். ஒரு வங்கியில் இரண்டு வைப்புத்தொகைகள், தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், மாடியை வாடகைக்கு விட்டதில் கொஞ்சம் பணம். கீழே வரும் தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை.

ஒட்டிய வாசகத்தை நம்பி ஆரம்பிக்காதீர்கள்

காப்பி செய்து ஒட்டும்போது படிவம் உருக்குலைந்து வரும். கோடுகள் போய்விடும், அடிக்குறிப்புக்கான சின்ன எண்கள் கட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், அடிக்குறிப்புகள் பெரும்பாலும் காப்பியிலேயே வராது. பதினெட்டாவது கட்டம் உண்மையில் ஐந்து பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை. ஒட்டிய வாசகத்தில் அது ஒரே வரியாகச் சுருங்கி, ஏதோ தலைப்பு மாதிரி தெரியும். அதனால் வங்கியின் தளத்திலிருந்து பிடிஎஃப் ஒன்றை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பகுதியில் 1 முதல் 18 வரை எல்லா எண்களும் ஒட்டிய வாசகத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடிக்குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் 14, 16, 17 ஆகிய மூன்று கட்டங்களின் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் பகுதி வங்கி நிரப்புவது. நம் வேலை அதில் ஒன்றும் இல்லை. அதை ஒட்டிய வாசகத்திலிருந்து வெட்டி எடுத்துவிட்டால் குழப்பம் குறையும்.

கட்டங்களைக் குவியல்களாகப் பிரிப்பது

இப்போது ஒரு கட்டத்தையும் நிரப்பாமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இது எங்கிருந்து வரும்?" என்று மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். நான்கு விதமான பதில்தான் வரும்.

வாயால் சொன்னாலே போதுமானவை முதல் குவியல். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, மின்னஞ்சல், கைபேசி, அதாவது 5 முதல் 13 வரை. வங்கியில் பதிவாகியிருக்கும் முகவரியோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும், இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எடுத்தெழுத வேண்டியவை இரண்டாவது. பெயர், பான் எண், பிறந்த தேதி. பெரியம்மாவை ஊரே ஒரு பெயரில் கூப்பிடும், பான் அட்டையில் வேறு மாதிரி இருக்கும், கணவர் பெயர் முன்னெழுத்தா அப்பா பெயர் முன்னெழுத்தா என்பது அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். பான் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் உறுதிமொழி செல்லாமல் போய், 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்கிற நிலைமை வரலாம். பிறந்த தேதிக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு: நீங்கள் சரியான படிவத்தைத்தான் கையில் வைத்திருக்கிறீர்களா என்பதையே அது தீர்மானிக்கிறது. அந்த நிதியாண்டின் ஏதாவது ஒரு நாளில் 60 வயது நிறைந்தால் 15எச், இல்லாவிட்டால் 15ஜி. 15ஜி-யின் நிபந்தனைகள் வேறு. அதனால் எல்லாத் தாளுக்கும் முன்னால் இந்தத் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது கட்டம் நிதியாண்டு. இதற்குத் தாள் தேவையில்லை, ஆனால் தடுமாறுவார்கள். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை வரும் வட்டிக்கு இங்கே 2025-26 என்று எழுத வேண்டும். 2026-27 என்பது அதற்கான மதிப்பீட்டு ஆண்டு, அது இந்தக் கட்டத்தில் வராது.

மூன்றாவது குவியல், தாள் இல்லாமல் தொடவே கூடாதவை: 14, 17, 18. நான்காவது குவியல், மற்றக் கட்டங்களிலிருந்தும் தாள்களிலிருந்தும் கணக்குப் போட்டு வருபவை: 15, 16. பலரும் தவறு செய்வது இந்த நான்காவதில்தான். 15, 16 இரண்டையும் பெரியம்மாவிடம் நேராகக் கேட்டுவிடுகிறார்கள். அவருக்கு அந்த எண் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவரிடம் இருப்பது தாள்கள். எண் அந்தத் தாள்களிலிருந்து நாம் எடுப்பது.

பதினான்காவது கட்டம்: ஆம், இல்லை இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும்

"வரிக் கணக்கு மதிப்பீடு செய்யப்பட்டிருக்கிறதா?" என்று கேட்டு, ஆம் என்றால் கடைசி மதிப்பீட்டு ஆண்டு எது என்றும் கேட்கிறது. அடிக்குறிப்பைப் பார்த்தால், உறுதிமொழி கொடுக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆறு மதிப்பீட்டு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் அப்படி நடந்திருந்தாலே "ஆம்" போட வேண்டும். பெரியம்மாவிடம் கேட்டால் "நான் எந்த வரியும் கட்டினதில்லையே" என்பார். அது பதிலாகாது. இரண்டு வருஷம் முன்பு பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதற்காக அவர் பெயரில் யாராவது ரிட்டர்ன் போட்டிருக்கலாம், அவருக்கு அது ஞாபகமில்லாமல் இருக்கலாம். இன்னொரு பக்கம், பெரியப்பா உயிரோடு இருந்தபோது வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டிருப்பார், அது பெரியம்மாவின் கணக்கில் வராது.

இதற்கு வேண்டிய தாள் அவருடைய கடைசி ரிட்டர்னின் ஒப்புகைச் சீட்டு. அது கிடைக்கவில்லை என்றால் வருமான வரித் துறையின் தளத்தில் அவருடைய பான் எண்ணில் நுழைந்து, தாக்கல் செய்த ரிட்டர்ன்களின் பட்டியலைப் பார்க்கலாம். பட்டியல் காலியாக இருந்தால் "இல்லை" என்று தைரியமாக எழுதலாம். அதுவரை கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்

படிவம் 15, 16, 17, 18 என்று கேட்கிறது. நிரப்பும் வரிசை 18, 15, 17, 16. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே ஊகம் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் பதினெட்டில் இருக்கும் அட்டவணைதான் உண்மையான தகவல், பதினைந்து அதன் கூட்டுத்தொகை மட்டுமே.

பதினெட்டில் ஒவ்வொரு வைப்புக்கும் ஒரு வரி: வரிசை எண், கணக்கு எண், வருமானத்தின் வகை, எந்தப் பிரிவின் கீழ் வரி பிடிப்பார்கள், தொகை. வங்கி வட்டிக்குப் பிரிவு 194ஏ. கணக்கு எண்ணை வைப்பு ரசீதிலிருந்து எடுக்க வேண்டும், சேமிப்புக் கணக்கு எண்ணை இங்கே எழுதிவிடாதீர்கள், வைப்புக்குத் தனி எண் இருக்கும். ரசீதை வாங்கும்போது அதில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்றும் பாருங்கள். பெரியப்பா பெயரிலேயே ஒரு வைப்பு இன்னும் மாறாமல் கிடந்தால், அது அவருடைய பான் எண்ணில் இருக்கும், பெரியம்மாவின் படிவத்தில் அதைச் சேர்க்க முடியாது. முதலில் வங்கியில் அந்த உரிமை மாற்ற வேலை முடிய வேண்டும்.

இனி தொகை. பெரியம்மாவின் முதல் வைப்பு 10,00,000 ரூபாய், 7 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கையில் வரும். மூன்று மாதத்துக்கு 17,500, வருஷத்துக்கு 70,000. இது பாஸ்புக்கில் பளிச்சென்று தெரியும், அவர் போனில் சொன்ன எழுபதாயிரம் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். ஆனால் இரண்டாவது வைப்பு கூட்டு வட்டி வைப்பு. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் 5,00,000 போட்டது, மூன்று வருஷம், 7 சதவீதம், முதிர்வுத் தொகை 6,15,720 என்று ரசீதில் இருக்கிறது. இதன் வட்டி கைக்கு வராது, பாஸ்புக்கிலும் தெரியாது, வைப்புக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஆனாலும் வங்கி அதை ஒவ்வொரு வருஷமும் அவருடைய வருமானமாகக் கணக்கில் எடுத்து வரி பிடிக்கும்.

இங்கே ரசீது கையில் இருந்தும் தவறு நடக்கும். 1,15,720 முழுவதையும் இந்த வருஷத்தில் போட்டுவிடுவார்கள், அல்லது அதை மூன்றால் வகுத்து 38,573 என்று எழுதுவார்கள். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேரும்போது முதல் வருஷம் சுமார் 35,930, இரண்டாவது வருஷம் 38,511, மூன்றாவது வருஷம் 41,279 என்று ஏறிக்கொண்டே போகும். 2025-26 மூன்றாவது வருஷம், அதனால் 41,279. நாள் கணக்கால் வங்கியின் எண்ணில் சில ரூபாய் வித்தியாசம் இருக்கும், அப்போது வங்கி சொல்லும் எண்ணையே எழுதுங்கள். அதற்காகத்தான் ரசீது மட்டும் போதாது என்கிறேன். கிளையில் கேட்டால் இந்த நிதியாண்டில் ஒவ்வொரு வைப்புக்கும் வரக்கூடிய வட்டியைப் பட்டியலாக எடுத்துத் தருவார்கள். அதில் நடுவில் முதிர்ந்து புதுப்பிக்கப்படும் வைப்பு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், புதுப்பித்த பின் வட்டி விகிதம் மாறும்.

ஆக பதினெட்டில் இரண்டு வரிகள், 70,000 மற்றும் 41,279. பதினைந்தில் அவற்றின் கூட்டு, 1,11,279. வாயால் சொன்ன எழுபதாயிரத்தை நம்பியிருந்தால் வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, படிவமே வேண்டாம் என்று விட்டிருப்போம், வங்கி 11,128 ரூபாயைப் பிடித்திருக்கும்.

பதினேழு: "இல்லை" என்பதும் ஒரு தகவல்

இந்த நிதியாண்டில் இதற்கு முன் வேறு எங்காவது 15எச் கொடுத்திருக்கிறாரா, எத்தனை, அவற்றில் மொத்தம் எவ்வளவு வருமானம் காட்டியிருக்கிறார் என்று கேட்கிறது. ஒட்டிய படிவத்தில் இது காலியாக இருக்கும், மெசேஜில் இதைப் பற்றி ஒன்றும் இருக்காது, நம் கை தானாகவே பூஜ்யத்தைப் போடும். பூஜ்யம் போடுவது காலியாக விடுவது போலத் தோன்றலாம், ஆனால் அது "வேறெங்கும் கொடுக்கவில்லை" என்று அவர் கையெழுத்திட்டுச் சொல்வது. அதற்கும் ஆதாரம் வேண்டும்.

பெரியம்மாவிடம் "வேற எங்கயாவது 15எச் குடுத்தீங்களா?" என்று கேட்டால் படிவத்தின் பெயரே அவருக்குப் புரியாமல் போகலாம். "தபால் ஆபீஸ்ல, வேற பேங்க்ல, வரி புடிக்கக் கூடாதுன்னு ஏதாவது பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களா பெரியம்மா?" என்று கேளுங்கள், உடனே ஞாபகம் வரும். தபால் நிலையத்தில் அவருக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15,00,000 இருக்கிறது, 8.2 சதவீதம், காலாண்டுக்கு 30,750, வருஷத்துக்கு 1,23,000. அங்கே ஏப்ரலிலேயே ஒரு 15எச் கொடுத்துவிட்டார். அந்தப் படிவத்தின் நகல்தான் இந்தக் கட்டத்துக்கான தாள். நகல் கிடைத்ததும் எண்ணிக்கை 1, தொகை 1,23,000 என்று எழுதலாம். நகலில் வேறு தொகை இருந்தால், நகலில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் கட்டம் கேட்பது ஏற்கெனவே அறிவித்த தொகையை. அறிவித்தது தவறு என்று தெரிந்தால் அதைத் தபால் நிலையத்தில் தனியாகப் பேச வேண்டும்.

பதினாறு: கடைசியில்தான்

இந்த ஆண்டின் மொத்த மதிப்பீட்டு வருமானம். பதினைந்தில் காட்டிய வட்டியையும் சேர்த்து எல்லாமும் இதில் வரவேண்டும் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. அதிகத் தாள்கள் வேண்டியதும் இதற்குத்தான், அதனாலேயே இதைத்தான் ஆட்கள் ஏதோ ஒரு முழு எண்ணாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். "மூணு லட்சம்னு போடு, அதுக்கு மேல போட்டா பிரச்சனை வரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அப்படி ஒரு தேவையே இல்லை என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

குடும்ப ஓய்வூதியச் சீட்டில் மாதம் 18,000, வருஷத்துக்கு 2,16,000. புதிய வரி முறையில் இதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதைக் கழிக்கலாம், எனவே 1,91,000. (அவரே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றால் கணக்கு வேறு, அது சம்பளம் மாதிரி, கழிவு 75,000. யாருடைய ஓய்வூதியம் என்பது சீட்டைப் பார்த்தால்தான் தெரியும், பலர் இரண்டையும் பொதுவாக "பென்ஷன்" என்றுதான் சொல்வார்கள்.) வங்கி வைப்பு வட்டி 1,11,279. தபால் நிலைய வட்டி 1,23,000. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வரி பிடிக்க மாட்டார்கள், ஆனால் மொத்த வருமானத்தில் அதுவும் உண்டு. போன வருஷப் பாஸ்புக் பதிவின்படி 4,860, இருப்பு பெரிதாக மாறவில்லை என்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம். மாடி வாடகை மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000, அதில் 30 சதவீதம் நிலையான கழிவு 21,600 போக 50,400. மாநகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரியில் மாடிக்கு உரிய பங்கையும் வாடகையிலிருந்து முதலில் கழிக்கலாம், ஆனால் ரசீது இன்னும் வரவில்லை, அதனால் நான் கழிக்கவில்லை. தோராயமாக இரண்டாயிரம் இருக்கும் என்று எண்ணிக் கழிப்பதும் ஊகம்தான்.

எல்லாம் சேர்த்தால் 4,80,539.

புதிய வரி முறையில் 2025-26க்கு வரியில்லா எல்லை 4,00,000. அதற்கு மேல் இருக்கும் 80,539க்கு 5 சதவீதம் என்றால் 4,027 ரூபாய் வருகிறது. ஆனால் மொத்த வருமானம் 12,00,000 வரை இருப்பவர்களுக்கு 87ஏ பிரிவின் கீழ் இந்த வரி முழுதும் தள்ளுபடியாகிவிடும். 15எச் படிவத்தின் குறிப்பிலேயே, இந்தத் தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யமானால் உறுதிமொழியை ஏற்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே 4,80,539 என்று உள்ளதை உள்ளபடி எழுதினாலும் பெரியம்மாவுக்கு எந்த நஷ்டமும் இல்லை, மூன்று லட்சம் என்று குறைத்துக் காட்டினால் என்ன லாபம்? ஒன்றும் இல்லை. 15ஜி-க்கு இது பொருந்தாது, அங்கே வட்டி போன்ற வருமானங்களின் கூட்டுத்தொகையே வரியில்லா எல்லையைத் தாண்டக் கூடாது என்று கூடுதல் நிபந்தனை உண்டு.

ஒரு சரிபார்ப்பு: 15இல் உள்ளதும் 17இல் உள்ளதும் சேர்ந்து 2,34,279. பதினாறு இதைவிடக் குறைவாக வந்தால் ஏதோ ஒரு தாள் விடுபட்டிருக்கிறது, அல்லது பழைய வரி முறையில் பெரிய கழிவு ஒன்று இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

மதிப்பீடும் ஊகமும்

படிவமே "மதிப்பீடு" என்று கேட்கும்போது, தோராயமாகப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வருஷத் தொடக்கத்தில் வருஷம் முழுக்க வரும் பணத்தை யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது, அதனால்தான் அந்தச் சொல். ஆனால் மதிப்பீட்டுக்கு ஒரு அடிப்படைத் தாள் இருக்கும், அதன்மேல் நாம் செய்த கணக்கு இருக்கும். "ஏப்ரல் மாத ஓய்வூதியச் சீட்டு, 18,000, பெருக்கல் 12" என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்தால், அகவிலைப்படி உயர்ந்து பின்னால் தொகை கூடினாலும் நாம் எப்படி அந்த எண்ணுக்கு வந்தோம் என்று காட்ட முடியும். "மூணு லட்சம்" என்பதற்கு அப்படி எதையும் காட்ட முடியாது. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் தாளின் பெயரும் தேதியும் எழுத முடிகிறதா என்று பாருங்கள், எழுத முடியாத தொகை எதுவும் படிவத்துக்குள் போகக் கூடாது.

கையெழுத்து பெரியம்மாவுடையது என்பதையும் யோசிக்க வேண்டும். உறுதிமொழியில் பொய்த் தகவல் இருந்தால் 277ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது, சிறிய தொகைக்கும் 3 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடமிருக்கிறது. நாம் வசதிக்காகப் போட்ட எண்ணுக்கு அவர் பதில் சொல்லும்படி ஆகக் கூடாது.

கேட்பது எப்படி

"எவ்வளவு?" என்று கேட்டால் எண் வரும். "எந்தத் தாள்ல இருக்கு, அதை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டால் தாள் வரும். எல்லாவற்றையும் பல தடவை கேட்டு அலைக்கழிக்காமல், பிரித்து முடித்த பிறகு ஒரே மெசேஜில் கேளுங்கள். இப்படி இருக்கலாம்:

```
பெரியம்மா, படிவம் பார்த்தேன். நிரப்புறதுக்கு முன்னாடி இதெல்லாம் வேணும்:
1. பான் கார்டு போட்டோ
2. பேங்க் வைப்பு ரசீது ரெண்டும், முன்பக்கம் பின்பக்கம்
3. பேங்க்ல இந்த வருஷ வட்டி லிஸ்ட் கேட்டு வாங்குங்க
4. தபால் ஆபீஸ்ல ஏப்ரல்ல கையெழுத்துப் போட்ட படிவத்தோட நகல்
5. இந்த மாச பென்ஷன் சீட்டு
6. சேமிப்புக் கணக்கு பாஸ்புக், போன ஏப்ரல்ல இருந்து
7. வாடகை ஒப்பந்தம், வீட்டு வரி ரசீது
8. முன்னாடி ரிட்டர்ன் போட்டிருந்தா அந்தச் சீட்டு
இல்லாததை "இல்லை"ன்னு சொல்லுங்க, தொகை எதுவும் நீங்க கணக்குப் போட வேண்டாம்.
```

கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் தாளைத் தேடச் சிரமப்பட்டு அவரே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். இந்தப் போட்டோக்களைக் குடும்பக் குழுவில் போடச் சொல்லாதீர்கள், உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். படிவம் பான் அல்லது ஆதார் என்றுதான் கேட்கிறது, பான் இருந்தால் ஆதார் போட்டோ தேவையே இல்லை.

தாள் வரவில்லை என்றால்

ஏதாவது ஒன்று வராது. பெரும்பாலும் வங்கியின் வட்டிப் பட்டியலும் தபால் நிலையத்தில் கொடுத்த படிவத்தின் நகலும்தான். அப்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பென்சிலில் தாளின் பெயரை எழுதி வையுங்கள்: "வட்டிப் பட்டியல், கிளை", "15எச் நகல், தபால் நிலையம்". பாதி நிரம்பிய படிவத்தை அவரிடம் கொடுக்கும்போது எது காலி, ஏன் காலி என்று அவருக்கே தெரியும், கிளைக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்கவும் முடியும். கையெழுத்தை எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகுதான் போடச் சொல்ல வேண்டும், காலிப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு நிரப்புவது வேண்டாம்.

"அதுக்குள்ள வரியப் புடிச்சிட்டாங்கன்னா?" என்ற பயத்தில்தான் அவசரமாக எண் போடுகிறார்கள். பிடித்தாலும் அந்தப் பணம் போய்விடாது. அது அவருடைய பான் எண்ணில் வரவாக நிற்கும், அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் போட்டால் முழுதும் திரும்பி வரும். ஒரு காலாண்டில் பிடித்த பிறகு 15எச் கொடுத்தால் அடுத்த காலாண்டுகளில் பிடிப்பதும் நின்றுவிடும். ஆகவே ஒரு தாளுக்காக இரண்டு வாரம் காத்திருப்பதால் வரும் அதிகபட்ச சிரமம், ஒரு ரிட்டர்ன் போடும் வேலை மட்டுமே.

எல்லாம் நிரம்பி, கையெழுத்தாகி, கிளையில் கொடுக்கும்போது ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். இணையம் வழியாகக் கொடுத்தால் ஒப்புகை எண் வரும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மா இன்னொரு வங்கியில் புது வைப்பு போட்டு அங்கே ஒரு 15எச் கேட்டால், அதன் பதினேழாவது கட்டத்தில் எண்ணிக்கை 2, தொகை 2,34,279 என்று எழுத வேண்டியிருக்கும், அதற்கு இந்த நகலும் தபால் நிலையத்தின் நகலும்தான் தாள்கள். பதினாறாவது கட்டத்தை மட்டும் புது வட்டியையும் சேர்த்துத் திரும்பப் போட வேண்டும், பழைய 4,80,539 அங்கே செல்லாது.